ராயபுரம் லைனும் ஒரு மாரிமெக்கோ வரைபடமும்

டீத்தூள் விற்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனைக் கணக்கு பார்ப்பது என் வேலை. எங்கள் சரக்கு போகிற இடமெல்லாம் வடசென்னைதான். ராயபுரம், வண்ணாரப்பேட்டை ஒரு லைன். பெரம்பூர், வியாசர்பாடி ஒரு லைன். திருவொற்றியூரில் தொடங்கி எண்ணூர் வரை மூன்றாவது லைன். மாதம் பிறந்ததும் மீட்டிங். அதில் எப்போதும் முதலில் வருவது ஒரே படம்: பகுதிக்கு ஒரு பட்டை, பட்டையின் உயரம் நம் சந்தைப் பங்கு. அந்தப் படத்தில் ராயபுரம் பட்டை எப்போதும் குட்டை. 'ராயபுரம் லைன் வீக்' என்ற பேச்சு ஆபீஸில் அப்படியே ஊறிப்போய்விட்டது. அந்த லைன் பார்க்கும் சேல்ஸ்மேன் அண்ணன் இந்தத் தொழிலில் எனக்கு முன்பிருந்தே இருப்பவர். மீட்டிங் முடிந்து படியிறங்கும்போது ஒருமுறை என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் போற தெருவுல ஒருநாள் அவங்க யாராவது வந்து வித்துப் பாக்கட்டும். அப்புறம் சொல்லட்டும் வீக்குனு." அது வெறும் ஆற்றாமை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அவர் சொல்வதில் கணக்கு ஏதோ இருக்கிறது, நாம் போடுகிற படம் அதைக் காட்டவில்லை என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் நிறுவனத்தின் உண்மை எண்களை இங்கே எழுத முடியாது. போக்கை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, மனக்கணக்காகப் போடக்கூடிய எண்களாக மாற்றித் தருகிறேன். மூன்று லைனிலும் சேர்த்து மாதம் 100 டன் டீத்தூள் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம்முடையது, போட்டியாளர்களுடையது எல்லாம் சேர்த்துத்தான் இந்த 100. இதில் ராயபுரம் லைன் 50 டன், பெரம்பூர் 30, திருவொற்றியூர் 20. நம் பங்கு ராயபுரத்தில் 21 சதவீதம், பெரம்பூரில் 28, திருவொற்றியூரில் 29. மீட்டிங்கில் வரும் படம் இந்த மூன்று உயரங்கள்தான். அதைப் பார்த்தால் திருவொற்றியூர் ஆளுக்குக் கைதட்டல், ராயபுரம் அண்ணனுக்குக் கேள்வி.

அகலம் வந்ததும் முதலில் தெரிவது

மூன்று பட்டைகளையும் ஒரே அகலத்தில் வரைவதில்தான் முதல் கோளாறு. மாரிமெக்கோ வரைபடத்தில் பட்டையின் அகலத்துக்கும் பொருள் உண்டு. உயரம் பங்கு என்றால் அகலம் அந்தச் சந்தையின் அளவு. எல்லாப் பட்டையும் 100 சதவீதம் வரை எழும்பி நிற்கும், இடையில் சந்து இல்லாமல் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும். முழுச் செவ்வகமும் மொத்தச் சந்தை. அதற்குள் நம் நிறம் பூசிய பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் நம் விற்பனை. மாரிமெக்கோ என்பது 1951இல் தொடங்கிய ஃபின்லாந்துத் துணி நிறுவனம் ஒன்றின் பெயர். அவர்கள் துணிகளில் வரும் அகல அகலமான நிறக் கட்டங்களைப் போல இருப்பதால் படத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. புள்ளியியல்காரர்கள் இதன் நெருங்கிய உறவை மொசைக் வரைபடம் என்பார்கள். ஆபீஸ்களில் சுருக்கமாக மெக்கோ.

அகலம் வந்ததும் ராயபுரத்தின் பட்டை படத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. உயரம் 21தான், ஆனால் 50 டன்னில் 21 சதவீதம் என்றால் 10.5 டன். பெரம்பூர் 8.4 டன், திருவொற்றியூர் 5.8 டன். வீக் என்று சொல்லப்பட்ட லைனிலிருந்துதான் நம் சரக்கில் அதிகம் போகிறது. இதைக் காட்டினேன். மேனேஜர் மறுக்கவில்லை. "பெரிய ஏரியா, அதிகமாத்தான் போகும். பங்கு கம்மியா இருக்கேப்பா, அதுக்கு என்ன பதில்?" என்றார். நியாயமான கேள்வி. பெரிய சந்தையில் பெரிய அளவு விற்றேன் என்பது திறமைக்குச் சான்று ஆகாது. மெக்கோ வரைகிற பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கே பணம் இருக்கிறது என்று காட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

டீக்கடையும் வீடும்

டீத்தூள் வியாபாரத்தில் இரண்டு தனித்தனி உலகங்கள் உண்டு. டீக்கடைக்குப் போவது மூட்டையில் வரும் டஸ்ட். டீக்கடைக்காரர் கிலோவுக்கு எத்தனை கிளாஸ் வருகிறது, டிக்காஷன் இரண்டாம் தண்ணிக்கும் நிறம் தாங்குகிறதா என்று பார்ப்பார், கிலோவுக்கு இரண்டு ரூபாய் வித்தியாசம் என்றால் மாறிவிடுவார், கடன் கேட்பார். வீட்டுக்குப் போவது மளிகைக் கடை வழியாகப் பாக்கெட். அங்கே பேசுவது பிராண்டும் பழக்கமும். எங்கள் பாக்கெட்டுக்கு நல்ல பெயர் உண்டு, மூட்டை டஸ்டில் எங்களைவிட விலை குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. எந்தத் தெருவுக்குப் போனாலும் பாக்கெட்டில் நம் பங்கு அதிகம், டஸ்டில் குறைவு.

மூன்று லைனிலும் இந்த இரண்டின் கலவை ஒரே மாதிரி இல்லை. ராயபுரம் லைனில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது, விடியுமுன்பே அங்கே டீ ஓடத் தொடங்கிவிடும். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள், சுமை தூக்குபவர்கள், எம்.சி. ரோட்டில் ஜவுளி எடுக்க வரும் கூட்டம் என்று நாள் முழுக்கத் தெருவில் டீ குடிக்கிற ஊர் அது. அந்த 50 டன்னில் 40 டன் டீக்கடை, 10 டன்தான் வீடு. பெரம்பூர் குடும்பங்கள் நிறைந்த பகுதி: டீக்கடை 12 டன், வீடு 18. திருவொற்றியூர் லைனில் டீக்கடை 5, வீடு 15. எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றின் கேன்டீன் சரக்கு தனி கான்ட்ராக்டில் போகிறது, எந்தச் சேல்ஸ்மேன் கணக்கிலும் வராது. அதனால் படத்திலும் சேர்க்கவில்லை.

ஆக மூன்று பட்டை ஆறானது. ராயபுரத்தில் டீக்கடை 40 அகலம், நம் பங்கு 15 சதவீதம். வீடு 10 அகலம், பங்கு 45. பெரம்பூரில் டீக்கடை 12 அகலம், பங்கு 10. வீடு 18 அகலம், பங்கு 40. திருவொற்றியூரில் டீக்கடை 5 அகலம், பங்கு 8. வீடு 15 அகலம், பங்கு 36. லைன் வாரியாக அடுக்கி வரைந்தபோது படம் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கிடந்தது. 15, 45, 10, 40, 8, 36. கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை. இதை மீட்டிங்கில் காட்டியிருந்தால் யாரும் இரண்டாவது முறை பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு அதே ஆறு பட்டைகளையும் வரிசை மாற்றினேன். எண் எதையும் தொடவில்லை. டீக்கடைப் பட்டைகள் மூன்றையும் இடப்பக்கம் சேர்த்தேன், வீட்டுப் பட்டைகள் மூன்றையும் வலப்பக்கம். இரண்டு பக்கமும் லைன்களின் வரிசை ஒன்றே: ராயபுரம், பெரம்பூர், திருவொற்றியூர். இடப்பக்கம் 15, 10, 8 என்று படி இறங்கியது. வலப்பக்கம் 45, 40, 36 என்று படி இறங்கியது. இரண்டிலும் மேல்படியில் நின்றது ராயபுரம்.

வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் மூவரில் நன்றாக விற்பவர் ராயபுரம் அண்ணன். வீட்டுச் சரக்கிலும் அவர்தான். இரண்டையும் கூட்டிப் பங்கு போட்டால் மட்டும் அவர் கடைசி. கூட்டலில் தப்பில்லை, பில்லில் தப்பில்லை. எங்கள் பங்கு எங்குமே குறைவாக இருக்கும் டீக்கடைச் சந்தை அவர் லைனில் ஐந்தில் நான்கு பங்கு. எங்கள் பங்கு எங்குமே அதிகமாக இருக்கும் வீட்டுச் சந்தை திருவொற்றியூரில் நான்கில் மூன்று பங்கு. மேனேஜர் திறமை என்று படித்தது பாதிக்கு மேல் அந்தக் கலவையைத்தான்.

புள்ளியியலில் இது பழைய சங்கதி. எட்வர்ட் சிம்ப்சன் 1951இல் எழுதிய கட்டுரையால் சிம்ப்சன் முரண்பாடு என்று பெயர் பெற்றது; அவருக்கு முன்பே யூல் 1903இல் இதைச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் காட்டும் உதாரணம் 1973இல் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புச் சேர்க்கை. மொத்தத்தில் பெண்களுக்கு இடம் கிடைத்த விகிதம் ஆண்களைவிடக் குறைவு. துறைவாரியாகப் பிரித்தபோது அந்தப் பாரபட்சம் காணவில்லை. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். அந்தத் துறைகள்தான் எங்களுக்கு டீக்கடை. பாடமாகப் படித்தபோது இது எனக்கு ஒரு வேடிக்கைக் கணக்காகத்தான் இருந்தது. ஒருவருடைய இன்சென்டிவ் இதில் அடிபடுகிறது என்று தெரிந்த பிறகு அப்படி இருக்கவில்லை.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மூவருக்கும் ஒரே கலவையைக் கொடுத்துப் பார்ப்பது. மொத்தச் சந்தையில் டீக்கடை 57 டன், வீடு 43. ராயபுரத்தின் 15 சதவீதத்தை 57ஆலும் 45 சதவீதத்தை 43ஆலும் பெருக்கிக் கூட்டினால் 27.9 வருகிறது. பெரம்பூருக்கு 22.9. திருவொற்றியூருக்கு 20 சொச்சம். தரவரிசை தலைகீழ்.

எக்செலில் வரைவது

எக்செலில் இந்தப் படத்துக்கென்று பொத்தான் கிடையாது. சாதாரணப் பட்டைப் படத்தில் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி அகலம் கொடுக்கவும் முடியாது. நான் செய்வது, பரப்பு வரைபடத்தை வைத்து அதை வரவழைப்பது. முதல் நெடுவரிசையில் அகலங்களைக் கூட்டிக்கொண்டே போய், இடையில் வரும் ஒவ்வொரு எல்லையையும் இரண்டு தடவை எழுத வேண்டும். வரிசை மாற்றிய படத்துக்கு அது 0, 40, 40, 52, 52, 57, 57, 67, 67, 85, 85, 100. இரண்டாவதில் நம் பங்கு, அதுவும் இரண்டிரண்டு தடவை: 15, 15, 10, 10, 8, 8, 45, 45, 40, 40, 36, 36. மூன்றாவதில் 100இலிருந்து அதைக் கழித்தது. இதற்கு Stacked Area வரைபடம் போட்டு, கிடை அச்சை Date axis என்று மாற்றினால், ஒரே எண் இரண்டு முறை வரும் இடத்தில் கோடு செங்குத்தாக ஏறும் அல்லது இறங்கும். பட்டைகள் கிடைத்துவிடும். அந்த அச்சு முழு எண்களை மட்டுமே மதிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அகலம் 12.4 என்றால் எல்லா அகலங்களையும் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தசமத்தை விழுங்கிவிடும்.

நிறங்களை அடுக்கும் வரிசையில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நம் பங்கு எப்போதும் அடியில். 1984இல் கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் உயரங்களை மனிதர்கள் மிகச் சரியாக ஒப்பிடுகிறார்கள், பரப்பளவுகளை ஒப்பிடும்போது தடுமாறுகிறார்கள் என்று தெரிந்தது. மெக்கோவில் அடியில் இருக்கும் நிறத்துக்கும் உச்சியிலிருந்து தொங்கும் நிறத்துக்கும்தான் அந்த வசதி உண்டு. நாங்கள் அடியில், முக்கியப் போட்டியாளர் உச்சியில், மற்ற எல்லோரையும் நடுவில் ஒரே சாம்பல் நிறமாகச் சேர்த்துவிடுவேன். நடுவில் ஆறேழு பிராண்டுகளைத் தனித்தனி நிறமாக அடுக்கினால் ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் மிதக்கும். பார்ப்பவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது.

அகலத்தை யார் அளந்தது?

படத்தைக் காட்டியபோது மேனேஜர் கேட்ட அடுத்த கேள்வி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "நாப்பது டன்னுன்னு யாருப்பா எடை போட்டா?"

யாரும் போடவில்லை. ஒரு மெக்கோவில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துப் பார்த்தால், நமக்கு உறுதியாகத் தெரிந்தது நம் நிறம் பூசிய பரப்பளவு மட்டுமே. ராயபுரம் டீக்கடைகளுக்குப் போன 6 டன், நம் பில்லில் இருக்கிறது. அகலம் மதிப்பீடு. டீக்கடைகளை எண்ணி, கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று சிலரிடம் விசாரித்துப் பெருக்கியது. உயரமோ பில்லை மதிப்பீட்டால் வகுத்து வந்த எண். மதிப்பீடு மாறினால் பரப்பு மாறாது, உருவம் மாறும். 40 டன் என்பது 30 ஆனால் அதே 6 டன் ஒடுங்கி உயர்ந்து 20 சதவீதமாக நிற்கும்; 48 ஆனால் அகன்று 12.5க்குத் தாழும். சாதாரணப் பட்டைப் படம் இந்தச் சார்பை மறைத்துவிடுகிறது. உயரம் ஏதோ மீட்டரில் அளந்ததுபோல நிற்கும். மெக்கோவில் வகுக்கும் எண் கண்முன்னே அகலமாகக் கிடப்பதால்தான் மேனேஜரால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்தது.

ஆகவே, அகலத்தில் எவ்வளவு பிழை இருந்தால் படிக்கட்டு இடியும் என்று கணக்குப் போட்டேன். டீக்கடையில் ராயபுரம், பெரம்பூரின் 10 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டுமானால் அகலம் 60 டன்னைத் தாண்ட வேண்டும். அதாவது 40 என்ற எங்கள் மதிப்பீடு உண்மை அளவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமாக இருக்க வேண்டும். கடை எண்ணிக்கையில் அவ்வளவு தவற விட்டிருக்க வழியில்லை. வீட்டுப் பக்கம் நிலைமை வேறு. 4.5 டன் விற்கிறோம்; பெரம்பூரின் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்க அகலம் 11.25 டன்னைத் தாண்டினால் போதும். நாங்கள் வைத்திருப்பது 10. ஒன்றேகால் டன் பிசகினால் அந்தப் பக்கத்துப் படி சரிந்துவிடும். படத்தில் பெரிதாகத் தெரிந்த பட்டையைப் பற்றித்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்பட வேண்டியது ஒல்லியானதை.

அதனால் ராயபுரம் லைனில் மளிகைக் கடைகளை மட்டும் மறுபடி விசாரிப்பது என்று முடிவானது. அண்ணனோடு நானும் போனேன். எந்த பிராண்டு எத்தனை கிலோ மாதம் போகிறது என்று கேட்பதுதான் வேலை. கடைக்காரர்கள் அண்ணனுக்காகப் பேசினார்கள், எனக்காகப் பேசியிருக்க மாட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்து ஒன்றில் கடை வைத்திருக்கும் அம்மா, அரை கிலோ பாக்கெட்டை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, "வூட்டுக்கு எவங்க அரைக்கிலோ வாங்குறாங்க? சைக்கிள்ல டீ விக்குற புள்ளைங்கதான் காலைல நாலு மணிக்கே வந்து கதவைத் தட்டுதுங்க" என்றார்.

அண்ணனுக்கு அது தெரிந்தே இருந்தது. எங்கள் கணக்கில்தான் இல்லை. சைக்கிளில் கேன் கட்டி டீ விற்பவர்களுக்கு மூட்டை எடுக்க முதலும் இல்லை, வைக்க இடமும் இல்லை. அன்றன்றைக்கு மளிகைக் கடையில் பாக்கெட் வாங்குகிறார்கள். நம் பில்லில் அது மளிகைக் கடை விற்பனை, ஆகவே வீடு. உண்மையில் அது தெரு டீ. மற்ற கடைகளிலும் இதையே கேட்டுச் சேர்த்தபோது, லைனின் பாக்கெட் விற்பனை 10 டன் என்ற மதிப்பீடு ஏறக்குறைய சரியாகவே வந்தது. ஆனால் அதில் 1 டன் இப்படி சைக்கிளில் போகிறது, அதில் அரை டன் நம்முடையது. அதைக் கழித்தால் வீட்டுப் பட்டை 9 டன் அகலம், நம் பங்கு 4 டன், அதாவது 44 சதவீதம் சொச்சம். படிக்கட்டு நிற்கிறது. மற்ற இரண்டு லைனிலும் இதே கேள்வியைக் கேட்காமல் ஒப்பிடுவது நியாயமில்லை என்று மேனேஜரே சொன்னார். அங்கும் கேட்டார்கள், சைக்கிள் டீ கணக்கில் எடுக்கிற அளவுக்கு அங்கே இல்லை.

டார்கெட் போடும் முறை இதற்குப் பின் மாறியது. முன்பெல்லாம் ஒவ்வொரு லைனும் பங்கை இரண்டு புள்ளி ஏற்ற வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். ராயபுரம் டீக்கடையில் ஒரு சதவீதப் புள்ளி என்றால் மாதம் 400 கிலோ. திருவொற்றியூர் டீக்கடையில் அதே ஒரு புள்ளி 50 கிலோ. இரண்டும் ஒரே உழைப்பாக முடியாது. இப்போது டார்கெட் கிலோவில், டீக்கடைக்குத் தனியாக, வீட்டுக்குத் தனியாக. பங்கை ஒப்பிடும்போது டீக்கடையை டீக்கடையோடுதான் வைக்கிறோம்.

படத்தில் இப்போது ஏழாவதாக ஒரு பட்டை இருக்கிறது. 1 டன் அகலம், 50 சதவீத உயரம். எழுத்து உள்ளே அடங்காததால் பெயரைப் பக்கத்தில் கோடு இழுத்து எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் மூட்டை 25 கிலோ. அதை இரண்டு கிலோவாகப் பிரித்து டீக்கடை விலைக்கே சைக்கிள்காரர்களுக்குக் கொடுத்தால் என்ன என்று அண்ணன் கேட்டிருக்கிறார். பாக்கெட்டுக்கும் டஸ்டுக்கும் நடுவில் என்ன விலை வைப்பது, அதை மளிகைக் கடைக்காரர் பகைத்துக்கொள்ளாமல் எப்படிச் செய்வது என்று இந்த மாத மீட்டிங்கில் பேச வேண்டும்.